இன்டர்னல் 200, எக்ஸ்டர்னல் 100: இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்கும் முறை

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்கள், துறையில் முதல்முறையாக மார்க் ஷீட் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மதிப்பெண்ணைக் கூட்டுவதில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். ரிசல்ட் வெளியான மறுநாள், 64 மார்க் வாங்கிய மகனுக்கு ஏன் அரியர் என்று பெற்றோர் ஒருவர் கேட்டு நிற்கும்போது பதில் கையில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு முழுவதற்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடங்களுக்கு உள்ள 40:60 முறையை எடுத்துக்கொள்கிறேன். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் உங்கள் விகிதம் வேறாக இருக்கலாம். எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை அதேதான்.

## 1. முதலில் இந்தத் தாள்களை மேசையில் வையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் நான்கு தாள்கள் வேண்டும்.

முதலாவது, அந்த பேட்சுக்குப் பொருந்தும் ஒழுங்குமுறை. "அந்த பேட்ச்" என்பதுதான் இதில் முக்கியம். ஒரே தேர்வு அறையில் 2017 ஒழுங்குமுறையில் படித்த பழைய அரியர் மாணவரும் 2021 ஒழுங்குமுறையில் படிப்பவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். முன்னவருக்கு 20:80, பின்னவருக்கு 40:60. இருவரையும் ஒரே ஷீட்டில் போட்டு ஒரே ஃபார்முலாவை இழுத்துவிட்டால் முன்னவரின் கணக்கு மொத்தமும் தவறு.

இரண்டாவது, மாணவர் கையெழுத்திட்ட இன்டர்னல் மதிப்பெண் பட்டியல். மூன்றாவது, பேப்பர் திருத்திய இடத்திலிருந்து வந்த எக்ஸ்டர்னல் மதிப்பெண் பட்டியல். இதில் பெரும்பாலும் பதிவெண் இருக்காது, டம்மி நம்பர்தான் இருக்கும். நான்காவது, தேர்வு நாளன்று அறைக் கண்காணிப்பாளர் கொடுத்த வராதோர் பட்டியல். நான்காவதைப் பலர் தேடுவதே இல்லை. எக்ஸ்டர்னல் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவர் வரவில்லையா, பேப்பர் வேறு கட்டில் சிக்கிக்கொண்டதா என்பதை இந்தத் தாளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். இன்டர்னல் மதிப்பெண் எக்ஸ்டர்னல் தேர்வு தொடங்குவதற்கு முன்பே பதிவேற்றப்பட்டு, பூட்டப்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் மார்க் தெரிந்த பிறகு இன்டர்னலில் திருத்தம் கேட்டு யாராவது வந்தால், காரணம் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும் நீங்களாகச் செய்யாதீர்கள். எழுத்தில் வாங்கி, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் அனுப்புங்கள்.

## 2. இன்டர்னலை முதலில் 200க்குக் கொண்டுவாருங்கள்

2021 ஒழுங்குமுறையில் தியரி பாடத்துக்கு இரண்டு அகமதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100 மார்க். அந்த 100இல் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் வகையறாவுக்கு 40. இரண்டும் சேர்ந்து 200. அது பின்பு 40ஆகக் குறைக்கப்படும்.

நடைமுறையில் ஆசிரியர் எழுத்துத் தேர்வைச் சரியாக 60க்கு வைக்க மாட்டார். 50க்கு வைப்பார், 100க்கு வைப்பார். அசைன்மென்ட்டை 20க்குத் திருத்தியிருப்பார். ஒவ்வொன்றையும் அதற்குரிய எடைக்கு மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். மாற்றும் வழி ஒன்றுதான்: வாங்கிய மார்க்கை, எத்தனைக்கு வேண்டுமோ அதால் பெருக்கி, எத்தனைக்கு வைத்தார்களோ அதால் வகுக்க வேண்டும்.

ஒரு மாணவி 50க்கு வைத்த தேர்வில் 35, 20க்குத் திருத்திய அசைன்மென்ட்டில் 15 வாங்கியிருக்கிறார்.

- தேர்வு: 35 × 60 / 50 = 42
- அசைன்மென்ட்: 15 × 40 / 20 = 30
- முதல் அகமதிப்பீடு: 72

இதைச் செய்யாமல் 35ஐயும் 15ஐயும் கூட்டி "70க்கு 50" என்று எடுத்து 100க்கு மாற்றினால் 71.4 வரும். வித்தியாசம் சின்னதுதானே என்று தோன்றும். இன்னொரு மாணவரைப் பாருங்கள். தேர்வில் 20, அசைன்மென்ட்டில் 19. சரியான வழியில் 24 + 38 = 62. நேரடியாகக் கூட்டினால் 70க்கு 39, அதாவது 55.7. ஆறு மார்க்குக்கு மேல் போய்விட்டது. இரண்டு பகுதியிலும் ஒரே தரத்தில் வாங்கியவருக்குத் தவறு தெரியாது. ஒன்றில் நன்றாகவும் ஒன்றில் மோசமாகவும் வாங்கியவரிடம்தான் வெளிப்படும். அதனால், சரிபார்க்க எடுக்கும் மாதிரி எப்போதும் இப்படி ஏறுமாறான மார்க்காக இருக்கட்டும்.

அகமதிப்பீட்டுக்கு வராதவருக்குக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். மறுதேர்வு கொடுத்திருந்தால் அந்த மார்க்; இல்லையென்றால் 0 என்று எழுதி, பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். காலியாக இருப்பது "வரவில்லை" என்றும் ஆகலாம், "இன்னும் பதியவில்லை" என்றும் ஆகலாம்.

## 3. இரண்டையும் சேருங்கள், ஆனால் எடைப்படி

மேலே சொன்ன மாணவி இரண்டாவது அகமதிப்பீட்டில் 78 வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200க்கு 150. எக்ஸ்டர்னல் தேர்வு 100க்கு நடக்கும், அதில் 46.

- இன்டர்னல்: 150 × 40 / 200 = 30
- எக்ஸ்டர்னல்: 46 × 60 / 100 = 27.6
- மொத்தம்: 57.6, முழு எண்ணாக 58

புதியவர்கள் வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, 150ஐயும் 46ஐயும் கூட்டி 300க்கு 196 என்று சதவீதம் எடுப்பது: 65.3 வரும். 200க்கு இருப்பதால் மட்டுமே இன்டர்னலுக்கு மூன்றில் இரண்டு பங்கு எடை இதில் கிடைத்துவிடுகிறது. இன்னொன்று, 75 சதவீதத்துக்கும் 46 சதவீதத்துக்கும் சராசரி எடுப்பது: 60.5. அது 50:50 முறையின் விடை. ஒரே மாணவிக்கு 58, 60.5, 65.3 என்று மூன்று மார்க் வருகிறது. இன்டர்னலில் அதிகமும் எக்ஸ்டர்னலில் குறைவும் வாங்குவதுதான் நம் கல்லூரிகளில் பொது வழக்கம் என்பதால், இந்தத் தவறுகள் பெரும்பாலும் மார்க்கைக் கூட்டியே காட்டும். அதனால் மாணவர் யாரும் வந்து புகார் சொல்ல மாட்டார். தணிக்கையில்தான் தெரியவரும்.

40:60ஐ ஃபார்முலாவுக்குள் நேரடியாக எழுதிவைப்பதும் ஆபத்துதான். அதே ஒழுங்குமுறையில் லேப் பாடத்துக்கு 60:40, லேபும் சேர்ந்த தியரி பாடத்துக்கு 50:50. தியரி ஷீட்டை காப்பி எடுத்து லேப் ஷீட் ஆக்கியவர் எடையைத் திருப்பிப் போட மறந்தால், எல்லாக் கட்டத்திலும் எண் வந்திருக்கும், எதுவும் பிழையாகத் தோன்றாது. பாடக் குறியீடு, இன்டர்னல் எடை, எக்ஸ்டர்னல் எடை என்று தனி ஷீட் ஒன்று வைத்து அங்கிருந்து எடுப்பது நல்லது.

## 4. எந்த இடத்தில் முழு எண்ணாக்குவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

இன்டர்னல் 200க்கு 107, எக்ஸ்டர்னல் 47. இந்த ஒரே மாணவரைக் கவனமாகப் பாருங்கள்.

கடைசியில் மட்டும் முழு எண்ணாக்கினால்: 21.4 + 28.2 = 49.6, அதாவது 50. தேர்ச்சி.

இன்டர்னலை முதலிலேயே முழு எண்ணாக்கினால்: 21 + 28.2 = 49.2, அதாவது 49. அரியர்.

கணக்கு இரண்டிலும் சரி. எது செல்லும் என்பதை ஒழுங்குமுறைதான் சொல்ல வேண்டும். இங்கே இன்டர்னல் 40க்குக் குறைக்கப்படும்போதே அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றப்படுகிறது, பதிவேற்றப்படுவதும் அந்த முழு எண்தான். ஆகவே இரண்டாவது வழி. எக்ஸ்டர்னலை 60க்குக் குறைக்கும்போது தசமத்தை அப்படியே வைத்து, மொத்தத்தை மட்டும் முழு எண்ணாக்குவதாக இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கல்லூரியில் வேறு வரிசை என்றால் அதை ஒரு தாளில் எழுதி, கட்டுப்பாட்டாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். ரிசல்ட் வந்தபிறகு வரிசையை மாற்றுவது என்றால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு மட்டும் மாற்ற முடியாது, மொத்த பேட்சுக்கும் மாற்ற வேண்டிவரும்.

எக்செல்லில் இன்னொரு கண்கட்டு உண்டு. தசமத்தை மறைக்க ஃபார்மேட்டை மட்டும் மாற்றினால் 49.6 என்பது திரையில் 50 என்று தெரியும், உள்ளே 49.6தான் இருக்கும். தேர்ச்சிக்கான ஃபார்முலா 49.6ஐப் பார்த்து அரியர் என்று சொல்லும். 50 மார்க், பக்கத்தில் அரியர் என்று அச்சாகி வந்துவிடும். `ROUND` போட்டுத்தான் மாற்ற வேண்டும், ஃபார்மேட்டால் அல்ல.

சரியாக அரை மார்க்கில் நிற்கும் சிக்கல் இந்த 40:60இல் வராது. மூல மார்க்குகள் முழு எண்ணாக இருக்கும்வரை 200ஐ 40ஆக்கினாலும் 100ஐ 60ஆக்கினாலும் தசமம் .2, .4, .6, .8 என்றுதான் வரும். சென்னைப் பல்கலைக்கழக இணைப்பில் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளின் 25:75 முறையில், 100க்கு வாங்கிய மார்க்கை 75ஆகக் குறைப்பதாக இருந்தால் அது வரும்: 46 × 75 / 100 = 34.5. எக்செல்லின் `ROUND` இதை 35 ஆக்கும். பைத்தானில் `round(34.5)` என்றால் 34 வரும். மென்பொருள் ஒன்றில் கணக்கிட்டு எக்செல்லில் சரிபார்க்கும்போது ஒரு மார்க் உதைத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

## 5. தேர்ச்சி நிபந்தனை இரண்டு. இரண்டையும் தனித்தனியே பாருங்கள்

எக்ஸ்டர்னலில் குறைந்தது 45 சதவீதம், மொத்தத்தில் குறைந்தது 50. இரண்டும் வேண்டும்.

இரண்டு அகமதிப்பீட்டிலும் 95 வாங்கியவரின் இன்டர்னல் 38. எக்ஸ்டர்னலில் அவர் 44 வாங்கினால் 26.4. மொத்தம் 64. ஆனாலும் அரியர். முதலில் சொன்ன பெற்றோரின் கேள்வி இதுதான். மறுபக்கம், எக்ஸ்டர்னலில் 45ஐத் தொட்டவருக்கு 27 கிடைக்கிறது. இன்டர்னல் 23 இருந்தால்தான் 50 வரும். 22 வைத்திருப்பவர், "எக்ஸ்டர்னலில் பாஸ் மார்க் வாங்கிவிட்டேனே" என்பார், மொத்தம் 49.

எக்ஸ்டர்னல் நிபந்தனையை 100க்கு வாங்கிய மூல மார்க்கில் பாருங்கள், 60க்குக் குறைத்ததில் அல்ல. அரை மார்க் போடும் கல்லூரியில் 44.5 என்பது 26.7 ஆகி, முழு எண்ணாக்கினால் 27 ஆகிவிடும். 60க்கு 27 என்பது சரியாக 45 சதவீதம். வாங்காத மார்க்கில் தேர்ச்சி.

## 6. ஷீட்டை இப்படி அமையுங்கள்

A பதிவெண், B முதல் அகமதிப்பீடு, C இரண்டாவது, D எக்ஸ்டர்னல் (100க்கு), வராதவருக்கு AB. மீதி மூன்றும் ஃபார்முலா; முடிவில் RA என்றால் அரியர். எளிதாகப் படிப்பதற்காக எடையை நேரடியாக எழுதியிருக்கிறேன்.

```
E2: =IF(COUNT(B2:C2)=2,ROUND((B2+C2)*40/200,0),"CHECK")
F2: =IF(AND(ISNUMBER(D2),ISNUMBER(E2)),ROUND(E2+D2*60/100,0),"")
G2: =IF(D2="AB","AB",IF(ISNUMBER(F2),IF(AND(D2>=45,F2>=50),"PASS","RA"),"CHECK"))
```

`ISNUMBER` எதற்கு என்று கேட்பீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். வேறு மென்பொருளிலிருந்து மார்க்கை எடுத்து ஒட்டும்போது சில எண்கள் எழுத்தாக வந்து உட்காரும். கட்டத்தில் 44 என்றுதான் தெரியும். இடப்பக்கம் ஒட்டியிருப்பதும், மூலையில் சின்னப் பச்சை முக்கோணமும்தான் அடையாளம். எக்செல்லில் ஒப்பிடும்போது எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரிது. ஆகவே `D2>=45` என்பது எழுத்தான 44க்கும் "ஆம்" என்றே சொல்லும். அதேநேரம் `D2*60/100` என்ற பெருக்கல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 26.4 என்று சரியாகவே தரும். ஆக, 38 இன்டர்னல் உள்ள அந்த மாணவருக்கு மொத்தம் 64, எக்ஸ்டர்னலும் தேர்ச்சி, முடிவு பாஸ். பிழைச் செய்தி ஒன்றும் வராது. "AB" என்ற எழுத்தும் அப்படியே 45ஐத் தாண்டிவிடும்.

மேலே உள்ள ஃபார்முலா இந்த இடங்களில் `CHECK` என்று நிறுத்தும். அதைக் கண்டதும் `IFERROR` போட்டுச் சுழியமாக்கி மூடிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் மூலத்தாளோடு பார்த்துத் தீர்க்க வேண்டும். காலியான கட்டமாக இருந்தால் வராதோர் பட்டியலை எடுங்கள்: பெயர் இருந்தால் `AB`, இல்லையென்றால் பேப்பரைத் தேடச் சொல்லுங்கள்.

## 7. இரண்டு பட்டியலையும் பதிவெண் கொண்டு மட்டுமே இணையுங்கள்

டம்மி நம்பரைப் பதிவெண்ணாக மாற்றிய பிறகு, எக்ஸ்டர்னல் பட்டியலை வரிசைப்படுத்தி இன்டர்னலுக்குப் பக்கத்தில் ஒட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வராத ஒருவரின் வரி மட்டும் ஒரு பட்டியலில் இல்லாமல் போனால் அவருக்குக் கீழே உள்ள அனைவருக்கும் அடுத்தவரின் மார்க். ஒட்டாதீர்கள், தேடி எடுங்கள்:

```
=IF(VLOOKUP(A2,EXT!A:B,2,FALSE)="","",VLOOKUP(A2,EXT!A:B,2,FALSE))
```

கடைசியில் உள்ள `FALSE`ஐ விட்டுவிட்டால், பதிவெண் கிடைக்காதபோது எக்செல் பிழை என்று சொல்லாது. பக்கத்துப் பதிவெண்ணின் மார்க்கை எடுத்துக் கொடுத்துவிடும். `FALSE` இருந்தால் `#N/A` வரும். அப்படி வந்தால் முதலில் பாருங்கள், ஒரு பட்டியலில் பதிவெண் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருக்கிறதா என்று. 12 இலக்கப் பதிவெண் சாதாரண ஃபார்மேட்டில் `9.1E+11` என்பது போலச் சுருங்கித் தெரியும். இரண்டு பட்டியலிலும் பதிவெண் கட்டத்தை எழுத்தாகவே வைத்துவிடுவது நிம்மதி. மார்க் கட்டங்கள் எண்ணாக, பதிவெண் எழுத்தாக.

## 8. உண்மையான மார்க்கை ஏற்றும் முன் பொய் மார்க்கில் ஓட்டிப் பாருங்கள்

ஐந்து நிமிட வேலை. இன்டர்னலை B, C இரண்டுக்கும் பிரித்து இந்த வரிகளை உள்ளிட்டு, முடிவு இப்படியே வருகிறதா பாருங்கள்.

| இன்டர்னல் (200) | எக்ஸ்டர்னல் (100) | மொத்தம் | முடிவு |
|---|---|---|---|
| 200 | 100 | 100 | PASS |
| 190 | 44 | 64 | RA |
| 190 | எழுத்தாக 44 | காலி | CHECK |
| 113 | 45 | 50 | PASS |
| 107 | 47 | 49 | RA |
| 150 | AB | காலி | AB |
| 150 | காலி | காலி | CHECK |

எழுத்தாக உள்ளிட, எண்ணுக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் போதும்.

பிறகு உண்மையான பட்டியலில் மூன்று எண்ணிக்கை பாருங்கள்: தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள், எண்ணாக மார்க் உள்ளவர்கள், `AB` உள்ளவர்கள். பின்னிரண்டின் கூட்டல் முதலாவதோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாஸ் போர்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். போர்டு கருணை மதிப்பெண் கொடுத்தால் அது எக்ஸ்டர்னலுக்கா மொத்தத்துக்கா என்பதைத் தீர்மானத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மூல மார்க்கின் மேல் திருத்தாமல் தனிக் கட்டத்தில் பதியுங்கள்.

## 9. ரிசல்ட்டுக்குப் பிறகு: ரெவாலுவேஷனும் அரியரும்

ரெவாலுவேஷனில் மாறுவது எக்ஸ்டர்னலின் மூல மார்க் மட்டும். 44 என்பது 45 ஆனால் D கட்டத்தை மாற்றுங்கள், மற்றதை ஃபார்முலா பார்த்துக்கொள்ளும். மொத்தத்தில் கைவைத்து ஒரு மார்க் கூட்டினால் தவறு. எக்ஸ்டர்னலில் கூடிய ஒரு மார்க் மொத்தத்தில் 0.6தான். சிலருக்கு அது முழு எண்ணைத் தாண்டும், சிலருக்குத் தாண்டாது. மார்க் கூடியும் மொத்தம் மாறவில்லை என்று கேட்டு வருபவருக்கு இந்தக் கணக்கையே எழுதிக் காட்டலாம். நகலுக்கும் ரெவாலுவேஷனுக்கும் பாடத்துக்கு இவ்வளவு என்று மாணவர் பணம் கட்டுகிறார். விண்ணப்பிக்கும் நாட்களும் குறைவு. கட்டுவதற்கு முன் தனக்கு எத்தனை மார்க் கூடினால் பயன் என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். 107, 47 வாங்கியவருக்கு எக்ஸ்டர்னலில் ஒரு மார்க் கூடினால் போதும்: 21 + 28.8 = 49.8, மொத்தம் 50. அதே 47 வாங்கி இன்டர்னல் 16 வைத்திருப்பவருக்கு 60க்குக் குறைத்ததில் 33.5ஆவது வேண்டும். எக்ஸ்டர்னல் 56 ஆனால்தான் 33.6 வந்து, மொத்தம் 49.6 ஆகி, முழு எண்ணாக 50ஐத் தொடும். ஒன்பது மார்க் கூட வேண்டும்.

அரியர் எழுதுபவருக்கு எக்ஸ்டர்னல் மட்டும் புதிது, இன்டர்னல் பழையதே தொடரும். அதனால் பூட்டிய இன்டர்னல் கோப்பை செமஸ்டர் முடிந்ததும் அழிக்காமல், ஆண்டும் ஒழுங்குமுறையும் பெயரில் தெரியும்படி சேமியுங்கள். குறிப்பிட்ட முயற்சிகளுக்குப் பிறகு இன்டர்னலை விட்டுவிட்டு எக்ஸ்டர்னலை மட்டும் 100க்கு எடுத்து, 50 வாங்கினால் தேர்ச்சி என்று வைத்திருக்கும் ஒழுங்குமுறைகளும் உண்டு. அப்படியென்றால் அந்த மாணவர்களை இதே ஷீட்டில் வைக்கக் கூடாது. எத்தனையாவது முயற்சி என்று ஒரு கட்டம் சேர்த்து, அந்த வரிகளைப் பிரித்துத் தனி ஷீட்டில் போடுங்கள். அங்கே எடை 0:100.